செயலியில் கட்டணம் நின்றுபோனால் என்ன அறிவிப்பு போடுவது? (தீபாவளி ஆர்டர் நேரம், அவசரம்)

செங்காங்_செல்வி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள சில பலகாரக் கடைகளுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுக்கும் சின்னச் செயலி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் சேவையும் நான்தான், செயலிக்குள் வரும் வாசகங்களை எழுதுவதும் நான்தான். அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் முறுக்கும் அதிரசமும் ஆர்டர் போடுகிற நேரம் பார்த்து வாடிக்கையாளரின் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கித் தரும் எங்கள் பேமண்ட் கேட்வே படுத்துவிட்டது. அப்போது செயலியில் தானாக வந்த வாசகம் இதுதான்:

> தொழில்நுட்பக் கோளாறு. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்.

மக்கள் சொன்னபடியே மீண்டும் முயன்றார்கள். ஓர் அம்மா 48 வெள்ளி ஆர்டருக்கு, வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் பேநவ்வை மூன்று முறை செய்து 144 வெள்ளி அனுப்பிவிட்டார். செயலியில் மூன்று முறையும் "செலுத்தப்படவில்லை" என்றுதான் வந்ததாம். அவர் போனில் பேசிய தொனியை இங்கே எழுத முடியாது.

மறுபடி இப்படி நடந்தால் போடுவதற்கு வாசகங்களை இப்போதே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. பதற்றப்படுத்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, எப்போது சரியாகும் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் இடிக்கிறது. எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

---

பூன்லே_பாலா

நாணய ஆணையத்தின் விதியைப் பாருங்கள். கட்டணச் சேவை நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அதையே போடுங்கள்: "நான்கு மணி நேரத்துக்குள் சேவை திரும்பும்." சட்டமே பின்னால் இருக்கும்போது என்ன பயம்?

---

இரவுப்பணி

பாலா, விதி இருப்பது உண்மை, ஆனால் அது செல்விக்கு உரியது இல்லை. அந்த ஒரு மணி நேரம், வங்கி மாதிரியான நிதி நிறுவனம் பெரிய கோளாறு ஒன்றைக் கண்டதும் ஆணையத்துக்குத் தெரிவிப்பதற்கான கெடு. வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் பற்றியது அல்ல. நான்கு மணி நேரம் என்பதும் முக்கியமான கணினி அமைப்பு எந்த 12 மாதத்திலும் திட்டமிடாமல் மொத்தம் அவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரம்பு. வரம்பு இருப்பதால் இன்றைக்கு நான்கு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும் என்று ஆகாது. பலகாரச் செயலி அந்த விதியை மேற்கோள் காட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவது மாதிரி.

செல்வி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சரியாக என்ன நின்றது? கார்டா, பேநவ்வா, இரண்டுமா? அதைப் பொறுத்துத்தான் அறிவிப்பின் முதல் வரி.

---

செங்காங்_செல்வி

எங்கள் டெவலப்பர் குறித்து வைத்ததைப் பார்த்துச் சொல்கிறேன். இரவு 7.05 முதல் கார்டு கட்டணங்கள் சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆயின. பேநவ் வேறு மாதிரி. கியூஆர் குறியீடு வருகிறது, ஸ்கேன் செய்தால் வங்கிச் செயலியில் "வெற்றி" என்கிறது, பணமும் போகிறது. ஆனால் கேட்வே எங்கள் சர்வருக்கு அனுப்ப வேண்டிய உறுதிச் செய்தி வரவில்லை. 9.50 வரை இதே கதை. தேங்கிய செய்திகள் எல்லாம் வந்து சேர 10.25 ஆகிவிட்டது.

---

இரவுப்பணி

அப்படியானால் உங்கள் அறிவிப்பை மூன்று விதமான ஆட்கள் படித்திருப்பார்கள். இன்னும் எதையும் செலுத்தாதவர் ஒருவர். கார்டு போட்டு, சுற்றிக்கொண்டே நின்று, என்ன ஆனது என்று தெரியாதவர் இன்னொருவர். பேநவ்வில் பணம் அனுப்பிவிட்டு, செயலியில் "செலுத்தப்படவில்லை" என்று பார்த்து நெஞ்சடைத்து நிற்பவர் மூன்றாமவர். "மீண்டும் முயலவும்" என்ற வரி முதல் ஆளுக்கு வேண்டுமானால் சரி. மூன்றாம் ஆளை அது நேராகக் குழியில் தள்ளுகிறது. அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

கார்டில் ஒரு தற்காப்பு உண்டு. கட்டணம் முழுமையாகவில்லை என்றால் பெரும்பாலும் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்திருக்கும், வசூலிக்க ஆள் வராவிட்டால் சில நாளில் விட்டுவிடும். பேநவ் அப்படி இல்லை. பணம் அந்த நொடியே கணக்கு மாறிவிட்டது, தானாகத் திரும்பாது. நீங்கள்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அதோடு, அந்த அம்மா ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் உங்கள் செயலி புதிய கியூஆர் ஒன்றை உருவாக்கியிருக்கும். ஒரு ஆர்டர்தான், ஆனால் மூன்று குறியீடு, மூன்றுமே செல்லுபடியாகும்.

அதனால் முதல் வரி எது நின்றது என்பது. இரண்டாவது வரி "ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மறுபடி அனுப்ப வேண்டாம்." நேரம், மன்னிப்பு, காரணம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

---

உட்லண்ட்ஸ்_மீனா

எனக்கும் இதேதான்! போன வாரம் ஒரு கடையில் ஆன்லைனில் 62 வெள்ளிக்கு டெபிட் கார்டு போட்டேன், தோல்வி என்றது. ஆனால் என் கணக்கில் 62 வெள்ளி குறைந்திருக்கிறது. இது திரும்புமா? யாரிடம் கேட்பது? அந்தக் கடை பதிலே சொல்வதில்லை.

---

இரவுப்பணி

மீனா அக்கா, வங்கிச் செயலியில் அந்த 62 வெள்ளி எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நிலுவை என்று இருந்தால் வங்கி பிடித்து வைத்திருக்கிறது, கடைக்குப் போகவில்லை. டெபிட் கார்டில் இருப்பிலிருந்தே கழித்துக் காட்டுவதால் போய்விட்டது மாதிரி தெரியும். எத்தனை நாளில் விடுவார்கள் என்பது வங்கிக்கு வங்கி வேறு, அதனால் வங்கியையே கேளுங்கள். நிலுவை இல்லை, முடிந்த கட்டணம் என்று இருந்தால் கடையிடம் ஆர்டர் எண் கேளுங்கள். அவர்கள் ஆர்டரே இல்லை என்றால் வங்கியிடம் மறுப்புக் கோரிக்கை கொடுக்கலாம்.

செல்வி, இதைக் கவனியுங்கள். இந்தக் கேள்வி இங்கே வருவதற்குக் காரணம், அந்தக் கடையின் அறிவிப்பு "தோல்வி" என்று ஒரே சொல்லில் முடிந்ததுதான்.

---

உட்லண்ட்ஸ்_மீனா

நிலுவை என்றுதான் இருக்கிறது. நன்றி தம்பி. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

---

செங்காங்_செல்வி

ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். தயவுதாட்சண்யம் இல்லாமல் திட்டுங்கள்.

> அன்பான வாடிக்கையாளர்களே! எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் எங்கள் கட்டணச் சேவை தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டுள்ளது. எங்கள் குழு முழுமூச்சுடன் பணியாற்றி வருகிறது. இரவு 9 மணிக்குள் சரியாகிவிடும் என எதிர்பார்க்கிறோம். ஏற்கெனவே பணம் செலுத்தியவர்கள் மீண்டும் செலுத்த வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

---

தொடுதிரை

நான் செயலி வடிவமைப்பில் இருக்கிறேன். இதை ஒரு சாதாரண போனில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு அறுபது வயதுக்காரர் பார்ப்பதாக நினையுங்கள். திரையில் வரும் அறிவிப்புப் பட்டையில் இரண்டு, மூன்று வரிதான் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு. அந்த இடத்தில் "அன்பான வாடிக்கையாளர்களே எதிர்பாராத தொழில்நுட்பக்" என்பதோடு நின்றுவிடும். மறுபடி செலுத்த வேண்டாம் என்ற உயிர் வரி, "மேலும்" என்பதைத் தட்டினால்தான் வரும். யார் தட்டுவார்?

"எங்கள் குழு முழுமூச்சுடன்" என்பதையும் எடுத்துவிடுங்கள். வேலை செய்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

---

பூன்லே_பாலா

சரி, விதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் "9 மணிக்குள்" என்பதை எடுக்கச் சொன்னால் ஒப்ப மாட்டேன். மக்களுக்கு வேண்டியது நேரம். நேரம் இல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை.

---

இரவுப்பணி

நேரம் வேண்டும். எந்த நேரம் என்பதுதான் கேள்வி. செல்வி, அந்த 9 மணி எங்கிருந்து வந்தது?

---

செங்காங்_செல்வி

கேட்வேயின் நிலைப் பக்கத்தில் 13:00 UTC என்று இருந்தது. எட்டு மணி நேரம் கூட்டினால் இங்கே இரவு 9. (அன்றைக்கு எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் அதை அதிகாலை 1 மணி என்று புரிந்துகொண்டு கடைகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டார். ஒரு கடைக்காரர் இனி இன்றைக்கு ஆர்டர் வராது என்று அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது தனிக் கதை.)

---

இரவுப்பணி

அந்தப் பக்கத்தில் 13:00 என்பது "சரியாகும் நேரம்" என்றா இருந்தது, "அடுத்த தகவல்" என்றா?

---

செங்காங்_செல்வி

இப்போதுதான் மறுபடி பார்த்தேன். `Next update by 13:00 UTC`. அடுத்த தகவல்தான்.

---

இரவுப்பணி

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். மேலே இருப்பவர் "9 மணிக்குத் தகவல் சொல்கிறேன்" என்கிறார். அடுத்தவர் வாயில் அது "9 மணிக்குச் சரியாகலாம்" ஆகிறது. செயலிக்கு வரும்போது "9 மணிக்குள் சரியாகும்." 9.01க்கு நீங்கள் பொய்யர்.

பாலா கேட்கும் நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். எப்போது சரியாகும் என்பது கேட்வேயின் கையில். அடுத்து எப்போது பேசுவோம் என்பது செல்வியின் கையில். வாடிக்கையாளரின் கூடையையும் டெலிவரி நேரத்தையும் எதுவரை வைத்திருப்போம் என்பதும் செல்வியின் கையில். கையில் இருக்கும் இரண்டையும் உறுதியாகச் சொல்லுங்கள். கையில் இல்லாததை, யார் சொன்னது என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள், பலகாரம் வாங்குபவருக்குக் கேட்வே எப்போது எழுந்து நிற்கும் என்பதில் என்ன அக்கறை? சனிக்கிழமை காலைக்குக் கேட்ட பெட்டி வருமா, அந்த நேரத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா, இதுதான் அவருடைய "எப்போது." அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது.

---

பூன்லே_பாலா

காரணம் தெரிந்துவிட்டால் நேரமும் தெரிந்துவிடுமே? கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்ன பிறகாவது நேரம் போடலாம் இல்லையா?

---

இரவுப்பணி

எப்போதும் இல்லை. 2023 அக்டோபர் 14ஐ நினைத்துப் பாருங்கள். டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் பயன்படுத்திய தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பு கோளாறாகி வெப்பம் ஏறியது. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கியது, மறுநாள் காலை வரை இழுத்தது. சுமார் 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நடக்க முடியாமல் போயின. குளிரூட்டிதான் காரணம் என்று தெரிந்தும் நேரம் தெரியவில்லை. ஏனென்றால் மாற்றுத் தரவு நிலையத்துக்குத் தாவுவதிலேயே இரண்டு வங்கிகளுக்கும் இணைப்புச் சிக்கல். கோளாறு ஒன்று, அதைச் சரிசெய்யும் வழியில் இன்னொரு கோளாறு. இரண்டாவதை யாரும் கணக்கில் வைத்திருப்பதில்லை.

ஆனால் நீங்கள் சொல்வதிலும் பாதி இருக்கிறது. சரிசெய்யும் வேலை தொடங்கிவிட்டது, கட்டணங்கள் ஒன்றிரண்டு வரத் தொடங்கிவிட்டன என்ற கட்டத்தில் ஒரு உத்தேச நேரம் சொல்லலாம். சொல்லும்போது நம் கணிப்புக்கு மேல் கொஞ்சம் தள்ளிச் சொல்வது நல்லது.

---

தேக்கா_கடைக்காரர்

நீங்கள் எல்லாம் படித்தவர்கள், நான் கடைக்காரன். இவ்வளவு சுற்றுவானேன்? அறிவிப்பில் என் கடையின் பேநவ் எண்ணைப் போட்டுவிடுங்கள். கேட்வே வேண்டாம், நேராக எனக்கு அனுப்பட்டும், ஸ்கிரீன்ஷாட் காட்டட்டும், நான் பலகாரம் கொடுக்கிறேன். தீபாவளி வாரத்தில் மூன்று மணி நேரம் விற்பனை நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

---

தொடுதிரை

அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் செய்து காட்டலாம். அதைவிட மோசம், "செயலி வேலை செய்யவில்லை, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்பது அப்படியே மோசடிக்காரனின் வசனம். இன்றைக்கு நாம் அதைப் பழக்கிவிட்டால், நாளைக்கு வேறொருவன் வாட்ஸ்அப்பில் அதே வசனத்தை வேறு எண்ணோடு அனுப்புவான். 2021 கடைசியில் நடந்த குறுஞ்செய்தி மோசடிக்குப் பிறகு, வங்கிகளே தனிநபர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தட்டித் திறக்கும் இணைப்பு வைப்பதை 2022இல் எடுத்துவிட்டார்கள். நாம் அறிவிப்பில் எண் கொடுக்கலாமா?

அதற்கு நேர்மாறாக ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: "இந்தச் செயலிக்கு வெளியே பணம் கேட்டு யாரையும் தொடர்புகொள்ள மாட்டோம்."

---

தேக்கா_கடைக்காரர்

சரி, எண் வேண்டாம். கடைக்கு நேரில் வந்து ரொக்கமோ நெட்ஸோ கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றாவது போடலாமே? கடையில் இருக்கும் நெட்ஸ் கருவி உங்கள் கேட்வே இல்லையே.

---

இரவுப்பணி

அது நல்ல யோசனை. ஒரே ஒரு நிபந்தனை. நேரில் வந்து எடுத்துக்கொள்ளும் ஆர்டருக்கு மட்டும், அதுவும் பேநவ்வில் ஏற்கெனவே பணம் அனுப்பாதவருக்கு மட்டும். இல்லாவிட்டால் அந்த அம்மா நான்காவது முறையாகக் கடையிலும் கொடுப்பார்.

---

செங்காங்_செல்வி

இரண்டாவது வரைவு. வெள்ளிக்கிழமை 7.30க்குப் போட்டிருக்க வேண்டியது என்று நினைத்து எழுதினேன்.

> கார்டு, பேநவ் கட்டணங்கள் இப்போது வேலை செய்யவில்லை.
> ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் மறுபடி அனுப்ப வேண்டாம்.
>
> பேநவ்வில் பணம் போயிருந்தால் அது காணாமல் போகாது. உங்கள் ஆர்டரோடு நாங்கள் சேர்த்ததும் இங்கேயே தெரிவிப்போம். கார்டு கட்டணம் பாதியில் நின்றிருந்தால், வங்கி அந்தத் தொகையைச் சில நாள் நிலுவையில் காட்டலாம்.
>
> இன்னும் செலுத்தாதவர்களின் கூடையையும் டெலிவரி நேரத்தையும் இன்று இரவு 11.30 வரை அப்படியே வைத்திருப்போம்.
>
> எப்போது சரியாகும் என்று இன்னும் தெரியவில்லை. இரவு 8.15க்கு இங்கே மறுபடி எழுதுகிறோம்.
>
> இரவு 7.30 நிலவரம்

---

தொடுதிரை

முதல் இரண்டு வரியும் பட்டையில் அடங்கும். மிச்சத்தைத் தட்டினால் விரியட்டும். நிலவர நேரத்தைக் கடைசியில் வைக்காமல் பட்டையின் ஓரத்திலேயே சின்னதாக வையுங்கள். நிறம் சிவப்பு வேண்டாம். சிவப்பைப் பார்த்ததும் கை தானாக மறுபடி அழுத்தப் போகிறது.

---

இரவுப்பணி

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு ஓட்டை இருக்கிறது.

"கட்டணங்கள் வேலை செய்யவில்லை" என்று எழுதிவிட்டுப் பொத்தானை உயிரோடு விட்டால் ஒருவர் அழுத்தத்தான் செய்வார். அறிவிப்பும் பொத்தானும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும்.

அடுத்தது நம் ஊர்ப் பழக்கம். ஒரே போனில் ஆர்டரும் வங்கியும் இருப்பதால் யாரும் கியூஆரை ஸ்கேன் செய்வதில்லை. படமாகச் சேமித்து, வங்கிச் செயலியில் ஏற்றுகிறார்கள். நீங்கள் 7.30க்குப் பொத்தானை அணைத்தாலும், 7.20க்குச் சேமித்த படம் அவர் கேலரியில் இருக்கும். 8 மணிக்கு அதை ஏற்றினால் பணம் போகும். அதனால் "சேமித்து வைத்த கியூஆர் படத்தையும் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒரு வரி. கூடவே கியூஆரின் ஆயுளைக் கேட்வே அமைப்பில் குறைக்க முடியுமா என்று டெவலப்பரிடம் கேளுங்கள்.

---

பூன்லே_பாலா

"எப்போது சரியாகும் என்று இன்னும் தெரியவில்லை" என்று ஒரு நிறுவனம் எழுதினால் நான் அந்தச் செயலியை அழித்துவிடுவேன். நேர்மை சரி, ஆனால் இது கையாலாகாத்தனம் போலப் படும்.

---

உட்லண்ட்ஸ்_மீனா

எனக்கு அப்படிப் படவில்லை. கீழேயே 8.15க்குச் சொல்கிறோம் என்று இருக்கிறதே. 8.15க்கு வந்து பார்ப்பேன், அவ்வளவுதான். என் 62 வெள்ளிக் கடை இப்படி ஒரு வரி போட்டிருந்தால் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன்.

---

இரவுப்பணி

மீனா அக்கா சொல்வதில் ஒரு கடமை ஒளிந்திருக்கிறது. 8.15க்கு எதுவுமே மாறாவிட்டாலும் எழுத வேண்டும். "8.15 நிலவரம்: இன்னும் சரியாகவில்லை, அடுத்து 9 மணிக்கு." அதை விட்டுவிட்டால் பாலா சொன்னதுதான் நடக்கும்.

அதனால் நிலைக்கு ஏற்ப வாசகங்களை இப்போதே எழுதி வையுங்கள், நேரம் மட்டும் காலியாக. வெள்ளிக்கிழமையை வைத்தே பார்ப்போம். 8.30க்குக் கேட்வே கோளாறைக் கண்டுபிடித்ததாகச் சொன்னது என்று வையுங்கள்:

> கோளாறு எங்கே என்று கட்டணச் சேவை நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது. சரிசெய்து கொண்டிருக்கிறார்கள். முடியும் நேரத்தை அவர்கள் இன்னும் சொல்லவில்லை. கூடையும் டெலிவரி நேரமும் இரவு 11.30 வரை பத்திரம். அடுத்த தகவல் 9.15க்கு.

9.50க்குக் கேட்வே "சரியாகிவிட்டது, கவனித்து வருகிறோம்" என்கிறது. அப்போது உடனே "எல்லாம் சரி" என்று போடாதீர்கள். நீங்களே ஒரு சின்னத் தொகைக்குக் கார்டிலும் பேநவ்விலும் ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறுதி வருகிறதா? வந்தால் புதிய கட்டணம் சரி. பழையது? "பணம் வந்ததா என்று தெரியாத ஆர்டர்" பட்டியலில் மிகப் பழையது எது என்று பாருங்கள். அது இன்னும் 7.10 ஆர்டராகவே நின்றால் தேக்கம் கரையவில்லை. உங்களுக்கு 10.25 வரை கரையவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அந்த 35 நிமிடமும் பணம் அனுப்பியவர்கள் ஆர்டர் பக்கத்தில் "செலுத்தப்படவில்லை" என்றுதான் பார்த்திருப்பார்கள்.

அதனால் 9.55க்கு:

> புதிய கட்டணங்கள் வேலை செய்கின்றன. இரவு 7.05 முதல் 9.50 வரை பணம் அனுப்பியவர்கள் மறுபடி அனுப்ப வேண்டாம். அந்த ஆர்டர்களை இன்னும் சரிபார்த்துக் கொண்டிருக்கிறோம். அடுத்த தகவல் 10.30க்கு.

---

செங்காங்_செல்வி

டெவலப்பரிடம் பேசினேன். அறிவிப்பு எங்கள் ஆர்டர் சர்வரிலிருந்து வராமல், தனியாக ஒரு சின்னக் கோப்பிலிருந்து வரும்படி செய்யலாம் என்கிறார். அப்போது சர்வரே படுத்தாலும் அறிவிப்பு வரும். இப்படிக் காட்டினார்:

```json
{
  "state": "pay_down",
  "methods_off": ["card", "paynow"],
  "as_of": "2025-10-10T19:30:00+08:00",
  "next_update": "2025-10-10T20:15:00+08:00",
  "hide_after": "2025-10-10T21:00:00+08:00"
}
```

கடைசி வரி, யாராவது எடுக்க மறந்துவிட்டால் அறிவிப்பு தானாக மறைவதற்காம். மறுநாள் காலையிலும் பழைய அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தால் அசிங்கம் என்றார்.

---

தொடுதிரை

நல்ல யோசனை. பழைய அறிவிப்பு தொங்குவது நிஜமாகவே பெரிய பிரச்சினை.

---

இரவுப்பணி

நான் இதற்கு எதிர். செல்வி டீ குடிக்கப் போன நேரத்தில் 9 மணி ஆகிறது, அறிவிப்பு மறைகிறது, கட்டணம் இன்னும் படுத்திருக்கிறது. பார்ப்பவர் என்ன நினைப்பார்? சரியாகிவிட்டது என்று. மறைவது தகவல் இல்லை என்பதைக் காட்டாது, தவறான தகவலைக் காட்டும்.

`hide_after` வேண்டாம். `next_update` நேரம் தாண்டியதும் செயலி தானாகவே வேறு வாசகம் காட்டட்டும்: "8.15க்குச் சொல்வதாக இருந்தோம், தாமதமாகிவிட்டது. கட்டணம் இன்னும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி பணம் அனுப்ப வேண்டாம்." அது செல்வியையும் கொஞ்சம் குத்தும், எழுத வருவார்.

நேரத்தில் `+08:00` போட்டிருப்பது நல்லது. அதிகாலை 1 மணி வாட்ஸ்அப்புக்கு இனி வேலை இல்லை.

---

தொடுதிரை

அப்படியானால் இரவு முழுக்க ஒரு ஆள் வேண்டும். சின்ன நிறுவனத்தில் அது யார்? மறைவதா, தாமதம் என்று காட்டுவதா என்பதில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சரியான பிறகும் மறந்துவிட்டால் உங்கள் வழியில் பொத்தான் காலை வரை அணைந்தே கிடக்கும். அது தேக்கா அண்ணன் வயிற்றில் அடிக்கும்.

---

இரவுப்பணி

நியாயம். இரண்டில் எந்தத் தவறு மலிவு என்பதைக் கடைக்குக் கடை யோசிக்க வேண்டியதுதான். பேநவ் தேங்கும் கேட்வேயில் நான் அணைந்த பொத்தானையே எடுப்பேன்.

---

பூன்லே_பாலா

எல்லோருக்கும் புஷ் அறிவிப்பும் அனுப்பிவிடலாமே, போன் அதிர்ந்தால்தானே பார்ப்பார்கள்?

---

தொடுதிரை

செயலியையே திறக்காத ஆளுக்கு "கட்டணம் வேலை செய்யவில்லை" என்று அனுப்பினால் அவர் கார்டைப் பற்றிப் பயந்து வங்கிக்குப் போன் போடுவார். 7.05க்குப் பிறகு ஆர்டர் நிச்சயமில்லாமல் நிற்பவர்களுக்கு மட்டும், அவரவர் ஆர்டர் எண்ணோடு அனுப்புங்கள்.

---

செங்காங்_செல்வி

அப்படியே செய்கிறேன். முதலாளி ஒன்று மட்டும் விடாப்பிடியாகக் கேட்கிறார்: முதல் அறிவிப்பிலேயே 10 விழுக்காடு தள்ளுபடிக் குறியீடு சேர்க்க வேண்டுமாம், கோபம் தணியும் என்கிறார்.

---

இரவுப்பணி

கட்டணமே செலுத்த முடியாதபோது தள்ளுபடி எதற்கு? 48 வெள்ளியை மூன்று முறை அனுப்பியவர் அதைப் பார்த்தால் இன்னும் கொதிப்பார். தேக்கம் கரைந்து, கூடுதலாக அனுப்பியவர்களுக்குப் பணம் திரும்பிய பிறகு, அவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

---

செங்காங்_செல்வி

அந்த அம்மாவுக்கு 96 வெள்ளி திங்கட்கிழமையே போய்விட்டது. தள்ளுபடிக் குறியீட்டை முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன். தேக்கா அண்ணே, நேரில் வந்து வாங்குவதற்கான வரியையும் சேர்த்துவிட்டேன், உங்கள் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று சொல்லுங்கள், அந்த நேரத்தையும் போட வேண்டும்.

---

தேக்கா_கடைக்காரர்

சாதாரண நாளில் ஒன்பதரை. தீபாவளி வரைக்கும் பதினொன்று. ஆனால் பதினொன்று என்று போடாதே அம்மா, பத்தரை என்று போடு. கடைசி அரை மணி நேரம் வரிசையில் நிற்பவர்களுக்கே சரியாக இருக்கும்.